45 நாள் ஊசிக்கு எந்தக் கட்டம்?

போன வருஷம் ஒரு புதன்கிழமை காலைல தங்கச்சி போன் பண்ணினா. ஆரம்ப சுகாதார நிலையத்துல எங்க ஊர்ல புதன்கிழமைதான் ஊசி போடுற நாள். "அண்ணா, பாப்பாவுக்கு இன்னைக்கு 45 நாள் ஊசி, என்னென்ன போடுவாங்கன்னு அந்தப் படத்துல பாத்து சொல்லேன், எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரு கைல இவ இருக்கா"ன்னா. படம்னா, குடும்ப குரூப்புல யாரோ போட்ட தடுப்பூசி அட்டவணை. நானும் போனத் திறந்து ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கி, 6 வாரம்னு எங்கெங்க இருக்குன்னு தேடி, "போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, பென்டா ஊசி, அவ்ளோதான், ஊசி ஒண்ணே ஒண்ணு"ன்னு ரொம்ப தெளிவா சொல்லிட்டேன்.

மதியம் திரும்ப போன். "ஒண்ணுன்னு சொன்ன, மூணு குத்துனாங்க, எனக்கு பயமாயிடுச்சு, வேற குழந்தைக்குப் போட வேண்டியத இவளுக்குப் போட்டுட்டாங்களோன்னு நர்ஸம்மாகிட்ட சண்டைக்கே போயிட்டேன்"ன்னா. நர்ஸம்மா போட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. அந்த அட்டவணைல ஐபிவிங்கற போலியோ ஊசியும் பிசிவிங்கற நிமோனியா ஊசியும் இன்னும் கொஞ்சம் கீழ இருந்துச்சு, நான் பெருசாக்கி வச்சிருந்த ஜன்னலுக்கு வெளிய.

நான் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர்னு டிடிபி வேலை பாக்குறவன். எழுத்து எந்த சைஸ்ல இருந்தா படிக்க முடியும்ங்கறதுதான் என் பொழப்பு. அதனால எனக்கு இது கொஞ்சம் மானப் பிரச்சினை ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி உக்காந்து அந்தப் படத்த குரூப்புல படிக்கற மாதிரி சின்னச் சின்ன வரியா மாத்தலாம்னு ஆரம்பிச்சேன். ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சேன், மூணு ராத்திரி ஆச்சு. அந்தக் கதைதான் இது.

முதல்ல அந்தப் படம் ஏன் படிக்க வரலன்னு பாத்தேன். அது ஏ4 தாள படுக்கப் போட்டு செஞ்சது. அகலம் 29.7 சென்டிமீட்டர். என் போன் திரை அகலம் 7 சென்டிமீட்டர்கூட இல்ல. நாலு மடங்குக்கும் மேல சுருங்குது, அதாவது தாள்ல 10 பாயின்ட்டுல இருந்த எழுத்து போன்ல ரெண்டேகால் பாயின்ட் மாதிரி தெரியும். மருந்து டப்பால பின்னாடி பொடியா அடிச்சிருப்பாங்களே, அத விட பாதி. சரி, பெருசாக்கிப் படிக்கலாமேன்னா அங்கதான் சிக்கல். அட்டவணைல ஒரு கட்டத்துல "14 வாரம்"னு இருந்தா அதுக்கு தனியா அர்த்தம் கிடையாது. இடது ஓரத்துல இருக்கற ஊசி பேரும் மேல இருக்கற தலைப்பும் சேந்தாத்தான் அர்த்தம். நாலு மடங்கு பெருசாக்கினதும் ரெண்டுமே திரைய விட்டு வெளிய போயிடுது. "1 வருடம்"னு ஒரு கட்டம் பளிச்சுனு தெரியுது, ஆனா அது எந்த ஊசிக்கு, அது போடற வயசா, இல்ல அதுக்கு மேல போடக் கூடாதுங்கற வயசா, ஒண்ணும் புரியாது. மனசுல ஒரு பேரப் பிடிச்சுக்கிட்டு விரலால வலது பக்கம் தள்ளிக்கிட்டே போறோம், நடுவுல ஒரு வரி கீழ நழுவிடுது, நமக்குத் தெரியவும் தெரியாது. எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதான்.

அட்டவணை எப்படி இருந்துச்சுன்னா, வரிக்கு ஒரு தடுப்பூசி. பிசிஜி, ஹெபடைட்டிஸ் பி, போலியோ சொட்டு, பென்டா, ரோட்டா, ஐபிவி, பிசிவி, எம்ஆர், ஜேஇ, டிபிடி, டிடி. பக்கவாட்டுல ஏழு தலைப்பு: தடுப்பூசி, எப்ப போடணும், அதிகபட்ச வயசு, அளவு, கலக்குற திரவம், எந்த வழியா, உடம்புல எந்த இடத்துல. கடைசில வைட்டமின் ஏ. அடியில ஒரு நட்சத்திரக் குறி போட்டு ஒரு குறிப்பு.

முதல் ராத்திரி நான் பண்ணினது சரியான டிடிபிக்காரன் புத்தி. அட்டவணைய அட்டவணையாவே அனுப்பிடலாம்னு. வாட்ஸப்ல முன்னாடியும் பின்னாடியும் மூணு பேக்டிக் போட்டா எல்லா எழுத்தும் ஒரே அகலத்துல வரும்ல, அதுல இடைவெளி விட்டு ஒழுங்கா கட்டம் கட்டினேன்.

```
தடுப்பூசி    எப்போது       அளவு
பென்டா      6,10,14 வாரம்   0.5 மிலி
ரோட்டா      6,10,14 வாரம்   சொட்டு
```

கம்ப்யூட்டர்ல டைப் பண்ணும்போதே கோணலாத்தான் இருந்துச்சு. இங்கிலீஷ்ல இது ஓரளவு ஒத்துக்கும், ஏன்னா அந்த எழுத்துரு ஐ-க்கும் டபிள்யூ-க்கும் ஒரே அகலம் குடுக்கும். தமிழுக்கு என் போன்ல அப்படி ஒரே அகல எழுத்துரு கிடையாது, அது சாதாரண தமிழ் எழுத்துருவத்தான் எடுத்துப் போடுது. ர ஒல்லி, ண அகலம், பொ-வுக்கு முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால். இடைவெளிய எண்ணி எண்ணிப் போட்டும் ஒரு வரி கூட நேரா நிக்கல. அதோட என் போன்ல ஒரு வரிக்கு சுமாரா 24 எழுத்துதான் வருது, அம்மா போன்ல எழுத்தப் பெருசா வச்சிருக்காங்க, அதுல 15 தான். மூணாவது பத்தி எல்லாம் மடங்கி அடுத்த வரிக்கு வந்து, பென்டாவோட 0.5 மிலி ரோட்டாவுக்குப் பக்கத்துல போய் உக்காந்திருந்துச்சு. படிக்க முடியாம இருந்தாக்கூட பரவால்ல, இது தப்பா படிக்க வைக்குது. தூக்கிப் போட்டுட்டேன்.

ரெண்டாவது முயற்சி, வரி வரியா அப்படியே எழுதறது. இதத்தான் பாதிப் பேரு பண்றாங்கன்னு நெனக்கிறேன். பென்டா: 6, 10, 14 வாரம், அதிகபட்சம் 1 வயசு, அரை மிலி, சதைல, இடது தொடை. அடுத்து ரோட்டா. அடுத்து ஐபிவி. ஒரு தப்பும் இல்ல, படத்துல இருந்த எல்லாம் இதுலயும் இருக்கு. மனைவிகிட்ட காட்டினேன். "சரி, அவ குழந்தைக்கு அடுத்த ஊசி ரெண்டரை மாசத்துலதான, அதுக்கு என்னென்ன?"ன்னு கேட்டா. பதினோரு வரியும் மேலருந்து கீழ வரைக்கும் படிச்சு எங்கெங்க 10 இருக்குன்னு பொறுக்கணும். படத்துல நான் பண்ணின அதே தப்ப இதுலயும் பண்ணலாம், இன்னும் சுலபமா.

அப்பதான் மண்டைல உறைச்சுது. அந்த அட்டவணை எழுதினது ஊசி போடறவங்களுக்காக. அவங்க கைல பென்டா மருந்து இருக்கு, அத எந்தெந்த வயசுல, எவ்ளோ, எங்க போடணும்ங்கறது அவங்க கேள்வி. அதனால வரிக்கு ஒரு மருந்து. அம்மாக்காரி கைல இருக்கறது குழந்தை. குழந்தைக்கு இத்தனை நாள் ஆச்சு, இன்னைக்கு என்னங்கறது அவ கேள்வி. அட்டவணைக்கு ரெண்டு பக்கம் உண்டு, எந்தப் பக்கத்துலருந்து வேணா தேடிக்கலாம். வரிசையா எழுதற செய்திக்கு ஒரே பக்கம்தான், மேலருந்து கீழ. அதனால எந்தப் பக்கத்த தலைப்பா வைக்கறதுன்னு நாம முடிவு பண்ணியே ஆகணும், படத்துல இடது ஓரத்துல என்ன இருந்துச்சுங்கறதுக்காக அதையே வச்சா வேலைக்கு ஆகாது.

அதனால மொத்தத்தையும் திருப்பிப் போட்டேன். வயசு தலைப்பு, அதுக்குக் கீழ அன்னைக்கு என்னென்ன. வெறும் பேரா அடுக்காம ஊசி எத்தனை, வாயில குடுக்கறது எத்தனைன்னு பிரிச்சேன், ஏன்னா தங்கச்சி பயந்தது பேருக்காக இல்ல, எண்ணிக்கைக்காக.

```
*பிறந்ததும்*
- ஊசி 2: பிசிஜி, ஹெபடைட்டிஸ் பி
- வாயில 1: போலியோ

*1½ மாசம் (45 நாள் ஊசி)*
- ஊசி 3: பென்டா, பிசிவி, ஐபிவி
- வாயில 2: போலியோ, ரோட்டா
```

வரி ஆரம்பத்துல ஹைஃபனும் ஒரு இடைவெளியும் போட்டா வாட்ஸப் அதுவாவே புள்ளியா மாத்திக்கும், 2024-லருந்து வந்த வசதி. பழைய ஆப் வச்சிருக்கவங்களுக்கு ஹைஃபனாவே தெரியும், கெட்டுப் போகாது. தலைப்புக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டா தடிமனாகும், ஆனா நட்சத்திரத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டுட்டா ஆகாது, நட்சத்திரம் அப்படியே நிக்கும். மாசத்துல, வாரத்துலன்னு விகுதி போடறதா இருந்தா அதையும் நட்சத்திரத்துக்கு உள்ளயே வச்சிடறது நல்லது.

தலைப்புல 6 வாரம்னு போடாம 45 நாள் ஊசின்னு போட்டதுக்குக் காரணம், எங்க ஊர்ல ஒருத்தரும் 6 வாரம்னு சொல்றதில்ல. 45 நாள் ஊசி, இல்லன்னா ஒன்றரை மாச ஊசி. அடுத்தது ரெண்டரை மாசம், மூன்றரை மாசம். கணக்குப் பாத்தா 6 வாரம் 42 நாள்தான், 10 வாரம் 70, 14 வாரம் 98. இந்தச் சில நாள் வித்தியாசத்தால ஒண்ணும் ஆகாது. ஆனா அவங்க கைல இருக்கற அட்டைல 6 வாரம்னு இருந்து நான் 45 நாள்னு மட்டும் எழுதினா ரெண்டும் வேற வேறயான்னு ஒரு அத்தை கண்டிப்பா கேப்பாங்க. அதனால கடைசில "1½ மாசம் = அட்டைல 6 வாரம்"னு ஒரு வரி சேத்தேன்.

இத முடிச்சு பெருமையா குரூப்புல போட்டேன். அஞ்சு நிமிஷத்துல சித்தி பொண்ணு, அவளுக்கு மூணு மாசக் குழந்தை, "அண்ணா ரெண்டரை மாசத்துக்கும் ஊசி 3ன்னு போட்டிருக்கீங்க, எங்க பாப்பாவுக்கு ஒண்ணுதானே போட்டாங்க, ரெண்டு விட்டுட்டாங்களா?"ன்னு கேட்டா. பாத்தா, ஒன்றரை மாச வரிய காப்பி பண்ணி ரெண்டரைக்கும் மூன்றரைக்கும் ஒட்டியிருக்கேன். மூன்றரைக்கு அது சரி, அதே அஞ்சுதான். ரெண்டரைக்கு தப்பு. இந்த மூணு தடவைல ஐபிவியும் பிசிவியும் 6 வாரத்துலயும் 14 வாரத்துலயும்தான், நடுவுல 10-ல கிடையாது. போலியோ, பென்டா, ரோட்டா மூணு மட்டும்தான் மூணு தடவையும். முதல் தடவை ரெண்டு ஊசிய விட்டேன், இந்தத் தடவை அதே ரெண்டு ஊசிய இல்லாத எடத்துல சேத்துட்டேன். நல்லவேளை வாட்ஸப்ல அனுப்பின 15 நிமிஷம் வரைக்கும் திருத்தலாம், திருத்தினேன். ஆனா அதுக்குள்ள ஒருத்தர் வேற குரூப்புக்கு ஃபார்வேர்ட் பண்ணியிருந்தா அங்க போனது திருந்தாது.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். அட்டவணையத் திருப்பி எழுதினா ரெண்டு பக்கமும் கூட்டிப் பாக்கணும். படத்துல வரி வரியா எத்தனை தடவைன்னு எண்ணினேன். பிசிஜி 1, ஹெபடைட்டிஸ் பி 1, போலியோ சொட்டு பிறந்ததும் ஒண்ணு அப்புறம் மூணு அப்புறம் பூஸ்டர் ஒண்ணு ஆக 5, பென்டா 3, ரோட்டா 3, ஐபிவி 3, பிசிவி 3, எம்ஆர் 2, ஜேஇ 2, டிபிடி பூஸ்டர் 2, டிடி 2. கூட்டினா 27. அப்புறம் திருத்தறதுக்கு முன்னாடி இருந்த என் செய்தில வயசு வயசா எண்ணினேன். பிறந்ததும் 3, ஒன்றரை மாசம் 5, ரெண்டரை 5, மூன்றரை 5, ஒம்பது மாசம் 4, ஒன்றரை வயசுவாக்குல 4, அஞ்சு வயசுக்கு மேல 1, 10 வயசுல 1, 16 வயசுல 1. கூட்டினா 29. ரெண்டு அதிகம். ரெண்டரை மாசத்த 3-ன்னு மாத்தினதும் 27 வந்துருச்சு. இந்தக் கூட்டல் எனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல, அத அனுப்பறதுக்கு முன்னாடி பண்ணியிருந்தா சித்தி பொண்ணு பதறியிருக்க மாட்டா. இதுல ஒரு ஓட்டை இருக்கு, ஒரு எடத்துல விட்டத இன்னொரு எடத்துல கூடுதலா போட்டிருந்தா கூட்டல் சரியாவே வரும். அதுக்கு ஒவ்வொரு ஊசி பேரையும் செய்திக்குள்ள தேடி எத்தனை எடத்துல வருதுன்னு பாக்கணும். பென்டா மூணு எடம், பிசிவி மூணு எடம்னு. படமா இருந்தப்ப தேடவே முடியாது, எழுத்தானதும் தேட முடியுது.

இனி நட்சத்திரம். படத்துல ஜேஇ பக்கத்துல ஒரு நட்சத்திரம், அடியில "* சில மாவட்டங்களில் மட்டும்"னு குறிப்பு. மூளைக்காய்ச்சல் ஊசி அது, அந்த நோய் இருக்கற மாவட்டத்துல மட்டும்தான் போடுவாங்க. நானும் அப்படியே ஜேஇ-க்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டு, கடைசி வரில நட்சத்திரம், இடைவெளி, குறிப்புன்னு எழுதினேன். அனுப்பிப் பாத்தா அந்தக் கடைசி வரி புள்ளி வச்ச வரியா மாறியிருக்கு! வரி ஆரம்பத்துல நட்சத்திரமும் இடைவெளியும் வந்தா வாட்ஸப்புக்கு அதுவும் பட்டியல்தான். நட்சத்திரம் காணாமப் போச்சு, "சில மாவட்டங்களில் மட்டும்"ங்கறது அதுக்கு மேல இருந்த 16 வயசு டிடிக்கு உண்டான வரி மாதிரி நிக்குது. டிடி சில மாவட்டத்துல மட்டும்தான்னு படிச்சா என்ன ஆகும்?

அது இல்லன்னாக்கூட அடிக்குறிப்பு போன்ல நடக்காது. செய்தி கொஞ்சம் நீளமானா `Read more`னு வெட்டிடும், குறிப்பு அதுக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கும். தாள்ல கண்ணு கீழ போயிட்டு மேல வரும், போன்ல போன கட்டை விரல் திரும்பி வராது. நிபந்தனை எதுவா இருந்தாலும் அந்த வரிக்குள்ளயே இருக்கணும். எங்க மாவட்டத்துல ஜேஇ உண்டான்னு நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "இல்ல தம்பி, நம்ம பக்கம் கிடையாது"ன்னாங்க. குரூப்புல இருக்கற எல்லாரும் இந்த மாவட்டம்தான். அதனால ஜேஇ-ய வரிலருந்தே எடுத்துட்டு, கூட்டல 25-ன்னு குறிச்சு வச்சுக்கிட்டேன். பெரியப்பா பையன் வேற மாவட்டத்துல இருக்கான், அவனுக்கு மட்டும் தனியா "ஜேஇ உண்டான்னு உங்க ஊர்ல கேட்டுக்கோ"ன்னு போட்டேன்.

இன்னொரு வகை கட்டம் இருக்கு, பிரிச்சா கட்டுப்படியாகாத கட்டம். வைட்டமின் ஏ. 9 மாசத்துல முதல் தடவை, 16 மாசம் வாக்குல ரெண்டாவது, அப்புறம் 5 வயசு வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. மொத்தம் 9. படத்துல இது ஒரே கட்டம். இத வயசு வயசா பிரிச்சுப் போட்டா ஏழு தலைப்பு கூடுதலா வரும், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு வரி. அதனால இத மட்டும் திருப்பல. "வைட்டமின் ஏ சிரப்: 9 மாசத்துல ஆரம்பம், 16 மாசத்துலருந்து 5 வயசு வரை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை"ன்னு தனியா ஒரே வரி. எல்லாத்தையும் ஒரே அச்சுல ஊத்தணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு, ஆனா திரும்பத் திரும்ப வர்றதுக்கு விதியச் சொல்றதுதான் சுருக்கம்.

இதே மாதிரி தான் இடைவெளியும். படத்துல 6, 10, 14-ன்னு எண்ணுதான் இருக்கு. ஆனா அந்த எண்ணுக்குப் பின்னாடி இருக்கற விதி, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைஞ்சது 4 வாரம் இடைவெளி வேணும்ங்கறது. ஜுரம், ஊருக்குப் போனதுன்னு யாராவது முதல் ஊசிய 9 வாரத்துல போட்டா, என் செய்தியப் பாத்துட்டு அடுத்த வாரமே 10 வாரம் ஆச்சுன்னு வந்து நிப்பாங்க. ஆனா அவங்களுக்கு அடுத்தது 13 வாரத்துலதான். அதனால ரெண்டரை மாச வரிக்குக் கீழ "முந்தின ஊசிக்கு 4 வாரம் கழிச்சு"ன்னு சேத்தேன்.

இப்ப எத விட்டேன்னு சொல்லணும். ஏழு தலைப்புல ரெண்டுதான் செய்திக்கு வந்துச்சு. அளவு, கலக்குற திரவம், எந்த வழியா, எந்த எடத்துல, நாலும் ஊசி போடறவங்களுக்கு உண்டானது. பிசிஜி தோலுக்குள்ள போடணுமா சதைல போடணுமான்னு அம்மாக்காரி தெரிஞ்சு என்ன பண்ணப் போறா? கூசாம வெட்டினேன். அதிகபட்ச வயசுதான் ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது. பிசிஜி விட்டுப்போனா ஒரு வயசு வரைக்கும் போடலாம், பிறந்ததும் குடுக்கற போலியோ சொட்டு 15 நாளுக்குள்ள, ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள்ள. நேரத்துக்குப் போடறவங்களுக்கு இது தேவையில்ல. தவறவிட்டவங்களுக்கு இதான் முக்கியம். ரெண்டு பேருக்கும் ஒரே செய்தி எழுதினா ரெண்டு பேரும் படிக்க மாட்டாங்க, அதனால "தேதி தவறிப்போச்சா?"ன்னு தலைப்பு வச்சு ரெண்டாவது செய்தியா பிரிச்சேன். அதுலயும் எல்லா வயசையும் போடல, ஏன்னா "ஒரு வயசு வரைக்கும் போடலாம்"னு எழுதினா நம்மாளுங்க அத "ஒரு வயசு வரைக்கும் டைம் இருக்கு"ன்னு படிப்பாங்க. "தவறினா விட்டுடாதீங்க, பெரும்பாலானத அப்புறமும் போடலாம், அட்டைய எடுத்துக்கிட்டு வர்ற புதன்கிழமையே போங்க"ன்னு மட்டும் எழுதினேன். 24 மணி நேரக் கணக்க மட்டும் முதல் செய்தில "பிறந்ததும்" தலைப்புலயே சேத்துட்டேன், அது நேரத்துக்குப் போடறவங்களுக்கும் உண்டான கெடு.

கடைசியா ஒரு விஷயம், நான் இவ்ளோ மெனக்கெட்ட படம் பழசா புதுசா? இத நான் மூணாவது ராத்திரிதான் யோசிச்சேன், முதல்லயே யோசிச்சிருக்கணும். ஃபார்வேர்ட்ல வர்ற படத்துல தேதி இருக்காது. ஆனா அட்டவணைக்குள்ளயே வயசு தெரியும். ஐபிவி மூணாவது தடவை, 9 மாசத்துல போடறது, 2023 ஜனவரிலருந்துதான். படத்துல ஐபிவி ரெண்டே தடவைன்னு இருந்தா அது அதுக்கு முந்தினது. 10 வயசுக்கும் 16 வயசுக்கும் டிடி-ன்னு தமிழ்ல எழுதினா தெரியாது, இங்கிலீஷ்ல `TT`-ன்னு இருந்தா பழசு, இப்ப `Td`, அதுல தொண்டை அடைப்பானுக்கும் சேத்து மருந்து இருக்கு. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேத்துப் போடற எம்ஆர் இல்லாம தட்டம்மை மட்டும் இருந்தா இன்னும் பழசு. எங்க குரூப்புலயே தேடினா மூணு படம் இருந்துச்சு, அதுல ஒண்ணு ஐபிவி ரெண்டு தடவைக்காரன். யாரு எதப் பாத்துட்டு இருக்காங்கன்னே தெரியல. அதனால என் செய்தி முதல் வரிலயே எந்த மாசம் எழுதினது, யார்கிட்ட சரிபாத்ததுன்னு போட்டேன். நர்ஸம்மா பேரப் போடல, நம்ம சுகாதார நிலைய அட்டைன்னு போட்டேன். கடைசில போட்டா வெட்டி ஒட்டும்போது போயிடும், தலைல இருந்தா கொஞ்ச நாள் தாங்கும்.

முழு செய்தியும் வந்தப்ப இப்படி இருந்துச்சு, நடுவுல ஒரு துண்டு மட்டும்:

```
*2½ மாசம்*
- ஊசி 1: பென்டா
- வாயில 2: போலியோ, ரோட்டா
- முந்தின ஊசிக்கு 4 வாரம் கழிச்சு

*9 மாசம் முடிஞ்சதும்*
- ஊசி 3: எம்ஆர், பிசிவி, ஐபிவி
- வைட்டமின் ஏ சிரப் ஆரம்பம்
```

அம்மா போன்ல பெரிய எழுத்துலயும் பாத்தேன். "ஊசி 3: எம்ஆர்,"னு ஒரு வரி, மிச்சம் அடுத்த வரி. மடங்கினாலும் அர்த்தம் மாறல, ஏன்னா அந்த வரிக்கு வேண்டியது எல்லாம் அந்த வரிக்குள்ளயே இருக்கு, பக்கத்துல யாரும் இல்ல தப்பா ஒட்டிக்க. அத்தைக்கு கண்ணு சரியா தெரியாது, அவங்க போன்ல எழுத்தத் தொட்டா படிச்சுக் காட்டும். படம்னா "ஃபோட்டோ"ன்னு சொல்லிட்டு நிறுத்திடும். இப்ப "ஊசி மூணு"ன்னு சத்தமா சொல்லுதுன்னு பேரன விட்டு மூணு தடவ போட்டுக் கேட்டாங்களாம்.

தங்கச்சி ரெண்டரை மாசத்துக்கு செய்தியப் பாத்துட்டே போனா, ஒரு ஊசி, சரியா இருந்துச்சு. மூன்றரை மாசத்துக்கும் போனா, மூணு ஊசி ரெண்டு சொட்டு, அதுவும் சரி, பயப்படல. நானும் இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி ஒம்பதரைக்கு மெசேஜ். "அண்ணா, வலது தொடைல கொஞ்சம் கட்டியா இருக்கு, அது எந்த ஊசி? நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணா எந்த ஊசி போட்ட எடம்னு கேக்கறாங்க, நீ எழுதினதுல அது இல்லையே."

நான் கூசாம வெட்டின ஏழாவது தலைப்பு. உடம்புல எந்த எடத்துல. படத்தத் திறந்து, ரெண்டு விரலால இழுத்து, இந்தத் தடவை தலைப்பையும் ஓரத்தையும் ரெண்டு தடவ பாத்துட்டு பதில் போட்டேன். இடது தொடை பென்டா, வலது தொடை பிசிவி, வலது கைல மேல சின்னதா இருக்கறது ஐபிவி. நர்ஸம்மா கேட்டுட்டு ரெண்டு மூணு நாள்ல கரைஞ்சிடும், தேய்க்காதீங்க, ஜுரம் அதிகமானா கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்களாம்.

மறுநாள் காலைல செய்தியத் திருத்தி மறுபடி போட்டேன். 15 நிமிஷக் கெடு எப்பவோ முடிஞ்சிருந்ததால பழசு அங்கயே மேல கிடக்கு, புதுசுல "பழைய செய்தி வேண்டாம், இதப் பாருங்க"ன்னு முதல் வரி. ஒன்றரை மாசத்துக்கும் மூன்றரை மாசத்துக்கும் கீழ ஒரே ஒரு புள்ளி கூடுதல்:

```
- இடது தொடை பென்டா, வலது தொடை பிசிவி, வலது கை ஐபிவி
```

அளவு, கலக்குற திரவம், எந்த வழியா, மூணும் இன்னும் வெளியதான் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல.